மானியத்தில் மீந்த ரூபாய் எங்கே இருக்கிறது?

மத்திய அரசிடம் மானியம் வாங்கிப் பணி செய்யும் சிறிய தொண்டு நிறுவனங்களில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "பணம் முழுக்கச் செலவாகிவிட்டதா?" மீந்தால் அடுத்த தவணை வராது, வேலை செய்யத் தெரியாதவர்கள் என்று டெல்லியில் நினைத்துவிடுவார்கள் என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்தப் பயத்தால், நேர்மையாக நடத்தப்படும் நிறுவனங்கள்கூட மார்ச் கடைசி வாரத்தில் தேவையற்ற பொருள்களை வாங்குகின்றன. கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாக எழுதுகின்றன. பிறகு இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கைக்கு வருபவர் கேட்கும் சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்கின்றன.

உண்மையில் அரசு கேட்கும் காகிதம் வேறு மாதிரியானது. அதன் பெயர் பயன்பாட்டுச் சான்றிதழ். அலுவலகப் பேச்சில் 'யூசி'. மானியமாக எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு செலவானது, மீதி எவ்வளவு, அந்த மீதி இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லி நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கணக்கு அது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இல் விதி 238 இதைப் பற்றிப் பேசுகிறது. தொண்டு நிறுவனங்களுக்கான படிவம் ஜிஎஃப்ஆர் 12-ஏ. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காத நிறுவனத்தை இனி எந்த மானியமும் பெற முடியாதபடி கறுப்புப் பட்டியலில் சேர்க்க அமைச்சகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆண்டுதோறும் தொடரும் மானியமாக இருந்தால், முந்தைய ஆண்டின் சான்றிதழும் தணிக்கையான கணக்கும் போய்ச் சேராமல், அடுத்த ஆண்டுத் தொகையில் முக்கால் பங்குக்கு மேல் விடுவிக்க மாட்டார்கள்.

மீதம் இருக்கக் கூடாது என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை. மீதத்தை எழுதுவதற்கென்றே படிவத்தில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பத்தியைக் கண்டு அஞ்சாமல் நிரப்புவது எப்படி என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சிறு தொண்டு நிறுவனம் பெண்களுக்குத் தையல் பயிற்சி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுத் திட்டம், ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. அமைச்சகத்தின் ஒப்புதல் ஆணைப்படி மானியம் 10 லட்சம் ரூபாய். அது மூன்று தலைப்புகளில் பிரிந்து வருகிறது: சம்பளத்துக்கு 4,20,000, துணி நூல் வாடகை பயணம் போன்ற பொதுச் செலவுக்கு 3,30,000, மூலதனச் சொத்துக்கு, அதாவது தையல் இயந்திரங்களுக்கு 2,50,000. நிறுவனம் இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கியிருக்கிறது. பணம் அதில்தான் வந்தது, அதிலிருந்துதான் போனது.

இந்தத் தனிக் கணக்கு சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் பிற்பாடு வரும் பாதித் தலைவலி இது இல்லாததால்தான் வருகிறது. மானியப் பணமும் ஊர்ப் பெரியவர்கள் தந்த நன்கொடையும் ஒரே கணக்கில் கிடந்தால், வங்கி தரும் வட்டியில் அரசுப் பணத்துக்கு உரியது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் இருக்கும் தொகை மானியத்தின் மீதமா, நன்கொடையா என்று காட்டவும் வழியில்லை. நடுவில் மானியப் பணத்தை எடுத்து வேறு வேலைக்குப் போட்டு, பிறகு திருப்பி வைத்தாலும் அது வெளியே தெரியாது. தணிக்கையாளருக்கு முதலில் சந்தேகம் வருவதே அங்கேதான்.

ஆண்டு முடிகிறது. பகுதிநேரக் கணக்காளர் லெட்ஜரைக் கூட்டிப் பார்த்து, செலவு 9,86,300 ரூபாய், மீதி 13,700 என்று சொல்கிறார். செயலாளருக்கு நிம்மதி. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் செலவாகியிருக்கிறதே. படிவத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாஸ்புக்கைத் திறந்தால் மார்ச் 31 அன்று இருப்பு 66,300 ரூபாய். செலவு போக 13,700தான் மீதி என்றால் வங்கியில் இவ்வளவு பணம் எப்படி இருக்கும்?

இந்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. லெட்ஜரில் 'செலவு' என்று எழுதியதெல்லாம் செலவுதானா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் சம்பளம். மாதம் 35,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 4,20,000 என்று லெட்ஜர் சொல்கிறது. ஆனால் மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் 5ஆம் தேதிதான் கொடுக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கு தயாரிக்கும்போது, கொடுக்க வேண்டிய சம்பளத்தைச் செலவில் சேர்ப்பது கணக்கியலில் சரியான முறைதான். பயன்பாட்டுச் சான்றிதழின் கேள்வி வேறு. அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே உள்ளபடியான தொகை என்று போட்டிருக்கிறார்கள். மார்ச் 31க்குள் கையை விட்டுப் போன பணம் எவ்வளவு என்பதே அங்கே கேள்வி. அந்த 35,000 அன்று வங்கியில்தான் இருந்தது. ஆகவே செலவுப் பத்தியில் அதற்கு இடமில்லை. மீதத்தில் காட்டி, 'மார்ச் சம்பளம், ஏப்ரலில் கொடுக்கப்பட்டது' என்று குறிப்பு எழுத வேண்டும்.

அடுத்தது முன்பணம். மார்ச் இரண்டாம் வாரத்தில் களப்பணியாளர் ஒருவருக்கு, பயிற்சி முடித்த பெண்களின் ஊர்களுக்குப் போய் வரவும் அங்கே கூட்டம் நடத்தவும் 18,000 ரூபாய் கொடுத்தார்கள். கணக்காளர் அதைப் பயணச் செலவு என்று பொதுச் செலவில் எழுதிவிட்டார். பில்கள் ஏப்ரலில்தான் வந்தன, அதுவும் 11,500 ரூபாய்க்கு. மிச்சம் 6,500ஐ அவர் திருப்பிக் கட்டினார். சிறு நிறுவனங்களின் கணக்கில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான் என்று நினைக்கிறேன். பணம் பெட்டியை விட்டுப் போய்விட்டதால் செலவானது போலவே தோன்றும். ஆனால் பில் வந்து, அதைப் பொறுப்பானவர் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை அது ஒருவர் கையில் நிறுவனம் கொடுத்து வைத்த பணம். அதனால்தான் படிவம் மீதத்தை இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது: கையிலும் வங்கியிலும் உள்ளது ஒன்று, சரிக்கட்டப்படாத முன்பணம் மற்றொன்று. ஆண்டுத் தொடக்கத்திலும் இந்த இரண்டையும் கேட்கிறது, முடிவிலும் கேட்கிறது.

மூலதனத் தலைப்பில் 12,000 ரூபாய் விலையில் 20 தையல் இயந்திரங்கள், 2,40,000. இதில் தவறில்லை. ஆனால் சில நிறுவனங்கள் இங்கேயும் இடறுகின்றன. ஆண்டின் வரவு செலவுக் கணக்கில் இயந்திரத்தின் முழு விலை வராது, தேய்மானம் மட்டுமே வரும். அந்தக் கணக்கை அப்படியே பார்த்துச் சான்றிதழ் எழுதினால் இயந்திரத்துக்குத் தேய்மானத் தொகை மட்டும் செலவானதாகப் போய்விடும். சான்றிதழில் வர வேண்டியது கடைக்காரருக்குக் கொடுத்த முழுத் தொகை. தேய்மானத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஆக, லெட்ஜரின் 9,86,300இல் சம்பளம் 35,000ஐயும் முன்பணம் 18,000ஐயும் கழித்தால், மார்ச் 31 வரை உண்மையில் செலவானது 9,33,300 ரூபாய்.

வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கணக்காளர் 10 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டார். மானியப் பணம் சேமிப்புக் கணக்கில் கிடந்த மாதங்களுக்கு வங்கி வட்டி போட்டிருக்கிறது, ஆண்டுக்கு மொத்தம் 14,260 ரூபாய். 'வட்டி எங்கள் கணக்கில் வந்தது, எங்கள் வேலைக்குத்தானே' என்று எண்ணி அதைத் திட்டத்திலேயே செலவழிப்பது பல இடங்களில் பழக்கம். 2017 விதிகள் இதில் இடைவெளி விடவில்லை. மானியத்தின் மீது கிடைத்த வட்டியும் பிற வருமானமும், கணக்கு இறுதியானவுடன் இந்தியத் தொகுப்பு நிதிக்குக் கட்டாயமாகச் செலுத்தப்பட வேண்டும் என்றும், அடுத்த தவணையில் கழித்துக்கொள்ள அனுமதிக்கக் கூடாது என்றும் விதி 230இன் எட்டாம் உட்பிரிவு சொல்கிறது. பணத்தை நிரந்தர வைப்பில் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இப்போது படிவத்தின் பட்டியல் இப்படி அமையும்:

ஆண்டுத் தொடக்கத்தில் மீதம்: இல்லை
ஆண்டில் பெற்ற மானியம்: ரூ. 10,00,000
கிடைத்த வட்டி: ரூ. 14,260
அரசுக்குச் செலுத்திய வட்டி (மார்ச் 31 வரை): இல்லை
மொத்தம் கையாளக் கிடைத்த தொகை: ரூ. 10,14,260
செலவு: ரூ. 9,33,300
மீதம்: ரூ. 80,960

13,700 என்று நினைத்தது 80,960 ஆகிவிட்டது. செயலாளர் பதறிப்போவார். ஆனால் இந்தத் தொகையில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியும். களப்பணியாளரிடம் முன்பணமாக 18,000. அலுவலகப் பெட்டியில் ரொக்கம் 1,460. கேஷ் புக்கின்படி வங்கியில் 61,500. மூன்றையும் கூட்டினால் 80,960 வந்துவிடுகிறது.

பாஸ்புக்கில் 66,300 இருக்கிறதே என்று கவனித்தவர்கள் கேட்கலாம். மார்ச் 29 அன்று நூல் கடைக்குக் கொடுத்த 4,800 ரூபாய் காசோலையைக் கடைக்காரர் ஏப்ரல் 4 அன்றுதான் வங்கியில் போட்டார். கேஷ் புக்கில் அது போய்விட்டது, பாஸ்புக்கில் போகவில்லை. பாஸ்புக் இருப்பிலிருந்து அந்த 4,800ஐக் கழித்தால் 61,500. இதைக் காட்டும் அரைப் பக்கக் காகிதம்தான் வங்கிச் சரிகட்டும் பட்டியல். சான்றிதழோடு அதையும் பாஸ்புக் நகலையும் இணைத்து வைத்தால் பிற்பாடு கேள்வி எழும்போது பேச்சே வேண்டியதில்லை. மாதந்தோறும் இதைப் போட்டு வருகிற நிறுவனத்துக்கு மார்ச் மாதம் மற்ற மாதங்களைப் போலவே கழியும்.

இனி, திருப்பிக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? 80,960 முழுவதுமா? அப்படியில்லை. மார்ச் மாதச் சம்பளம் திட்டக் காலத்தில் செய்த வேலைக்கானது, களப்பயணமும் மார்ச் மாதத்திலேயே நடந்தது. இப்படிக் காலத்துக்குள் கடமையாகிப் பிறகு கொடுத்த தொகைகளை ஏற்றுக்கொள்ளும்படி, எந்தத் தேதியில் எந்த வவுச்சரில் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தோடு அமைச்சகத்துக்கு எழுத வேண்டும். ஒப்புதல் ஆணையில் இதற்கு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. திட்டம் முடிந்த தேதிக்குப் பிறகு புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அது ஏற்கப்படாது. மார்ச் வேலைக்கான சம்பளம் ஏப்ரலில் போனதற்குக் காரணம் சொல்லலாம், ஏப்ரலில் வாங்கிய துணிக்கு என்ன காரணம் சொல்வது?

ஏற்றுக்கொள்ளப்பட்டால் 80,960இலிருந்து சம்பளம் 35,000, பயணச் செலவு 11,500 கழியும். மிச்சம் 34,460. இதில் வட்டி 14,260 போக மானியத்தின் அசல் மீதம் 20,200 ரூபாய். தலைப்பு வாரியாகவும் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத் தலைப்பில் மீதம் இல்லை. பொதுச் செலவில் 3,30,000க்கு 3,19,800 போனது, மீதம் 10,200. இயந்திரத் தலைப்பில் மீதம் 10,000. இரண்டும் சேர்ந்து 20,200. இப்படி வேறொரு வழியில் கூட்டியும் அதே தொகை வந்தால்தான் கணக்கு முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன்.

அந்த இயந்திரத் தலைப்பின் 10,000 ரூபாய் பலரை ஆசைகாட்டி இழுக்கும் தொகை. பிப்ரவரியில் துணி தீர்ந்துபோய், பொதுச் செலவில் கை கடிக்கும்போது, 'அங்கே சும்மா கிடக்கிறதே, எடுத்துப் போட்டால் என்ன? பெண்களுக்குத்தானே போகிறது' என்று தோன்றுவது இயல்பு. நோக்கம் நல்லதுதான். ஆனால் அரசு மூலதனச் செலவையும் அன்றாடச் செலவையும் தன் பட்ஜெட்டிலேயே தனித்தனியாக வைத்திருக்கிறது. படிவமும் சம்பளம், பொது, மூலதனம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது. தலைப்பு மாற்றுவதற்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தால் தடையில்லை. அனுமதி இல்லாமல் மாற்றிய தொகை, நல்ல வேலைக்கே போயிருந்தாலும், திருப்பிக் கேட்கப்படலாம். அப்போது அதை நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்துதான் கட்ட வேண்டும். துணி தீரும் என்று டிசம்பரிலேயே தெரிந்திருக்கும். கடிதம் எழுத வேண்டிய மாதம் அது.

திருப்பிச் செலுத்துவதற்கு இப்போது பெரும்பாலும் bharatkosh.gov.in என்ற அரசு இணையதளத்தைப் பயன்படுத்துகிறார்கள். எந்த அமைச்சகம், என்ன காரணத்துக்காகச் செலுத்துகிறோம், எந்தக் கணக்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை அதில் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கு அலுவலகத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணம் அரசுக்குப் போய்ச் சேரும், ஆனால் மானியம் தந்த பிரிவுக்கு அது வந்ததே தெரியாது. ஓராண்டு கழித்து 'மீதத் தொகை இன்னும் வரவில்லை' என்று கடிதம் வரும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பு அந்தப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி விவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. வட்டியையும் அசலையும் இரண்டு தனிச் சலான்களாகக் கட்டுவதுதான் என் பரிந்துரை. சான்றிதழில் இரண்டும் வெவ்வேறு பத்திகளில் வருகின்றன. ஒரே தொகையாகக் கட்டினால் எது எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். சலானில் ஒப்புதல் ஆணையின் எண்ணும் தேதியும் இருக்கட்டும்.

இன்னொரு சிறு கவனம். மார்ச் 31க்குப் பிறகும் அந்தக் கணக்கில் பணம் கிடக்கும் வரை வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஆகஸ்டில் பணம் கட்டினால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கிடைத்த வட்டியும் சேர வேண்டும். பலர் மார்ச் வட்டியோடு நின்றுவிடுகிறார்கள். தொகை சில நூறு ரூபாய்தான், ஆனால் அதற்காகக் கோப்பு மூடப்படாமல் கிடக்கும்.

திட்டம் அடுத்த ஆண்டும் தொடர்வதாக இருந்தால் அசல் மீதத்தின் வழி வேறு. அமைச்சகம் ஒப்புக்கொண்டால் அதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம், அல்லது அடுத்த தவணையில் குறைத்துக்கொண்டு தருவார்கள். அப்போது இந்த ஆண்டின் இறுதி மீதமே அடுத்த ஆண்டுச் சான்றிதழின் முதல் வரி. இரண்டும் பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். வட்டிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சில திட்டங்களில் இப்போது பணம் நிறுவனத்தின் கணக்குக்கு வருவதே இல்லை. செலவு வரம்பு மட்டும் தருகிறார்கள், பில் கட்டும் அன்றுதான் மையக் கணக்கிலிருந்து பணம் போகிறது. அங்கே வட்டிப் பேச்சுக்கு இடமில்லை.

சான்றிதழைக் கையில் எடுத்ததும் அனுபவமுள்ள தணிக்கையாளர் எதைப் பார்ப்பார்? செலவு மானியத்தோடு ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் பொருந்தியிருந்தால் அவருக்கு முதல் சந்தேகம் வரும். ஓராண்டு முழுக்க ஓடிய ஒரு திட்டம் 10,00,000 வந்து 10,00,000 செலவானது என்று சொன்னால், எங்கோ ஒரு பில் கணக்குக்காக எழுதப்பட்டிருக்கிறது என்றே அவர் நினைப்பார். அல்லது சொந்தப் பணத்தையும் போட்டு அதிகமாகச் செலவழித்துவிட்டு, மானியம் வரை மட்டும் காட்டியிருக்கலாம். அப்படியென்றால் கூடுதல் தொகை எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம். வட்டிப் பத்தியில் 'இல்லை' என்று இருந்தால் அவர் பாஸ்புக்கைக் கேட்பார். பிறகு வவுச்சர் கட்டைப் புரட்டி மார்ச் மாதப் பகுதிக்குப் போவார். ஒரே கடையிலிருந்து மார்ச் 5, 18, 30 ஆகிய தேதிகளில் மூன்று பில்கள், பில் எண்கள் மட்டும் 211, 212, 213 என்று அடுத்தடுத்து இருந்தால், அந்தக் கடையில் அந்த மாதம் வேறு யாருமே பொருள் வாங்கவில்லை என்று அர்த்தமாகிறது. இதற்குக் கணக்குப் படிப்பு எதுவும் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

துணி வாங்கிய பில்லை அவர் பில்லாக மட்டும் பார்க்க மாட்டார். இருப்புப் பதிவேட்டில் அந்தத் துணி எந்தத் தேதியில் ஏறியது, யார் எடுத்துப் போனார்கள், அன்று பயிற்சியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்ப்பார். பயிற்சியே நடக்காத பொங்கல் வாரத்தில் துணி தீர்ந்ததாகப் பதிவு இருந்தால் அங்கே நின்றுவிடுவார். ரொக்கமாகக் கொடுத்த சம்பளத்தையும் பார்ப்பார். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து, 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப், எல்லாம் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியிலும் சிக்கல் வரும். வங்கி வழியாகக் கொடுத்துவிட்டால் பாஸ்புக்கே சாட்சி.

இவ்வளவு கடுமை வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2017 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தில், அப்போதைய தலைமை நீதிபதி ஜே.எஸ். கேஹர் அமர்வின் முன் எம்.எல். சர்மா தொடுத்த பொதுநல வழக்கு வந்தபோது, நாட்டில் இருந்த சுமார் 30 லட்சம் தொண்டு அமைப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கணக்கு தாக்கல் செய்திருக்கிறது என்ற சிபிஐ விவரமே பேசப்பட்டது. அரசு நிதி வாங்கிக் கணக்குக் காட்டாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் கூறியது. அன்று கணக்கு கொடுக்காமல் இருந்தவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் நம்பவில்லை. கணக்கு எழுத ஆள் இல்லாத, ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மானியத்தில் வழியில்லாத சிறு அமைப்புகள் அதில் ஏராளமாக இருந்திருக்கும். பயிற்சிக்கும் துணிக்கும் பணம் ஒதுக்கும் திட்டங்கள் கணக்காளருக்கு ஒரு சிறு தொகையாவது ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஏழு பத்திக் கணக்கைக் கேட்பது சிறு அமைப்புகளுக்கு அநீதி.

கையெழுத்து யாருடையது என்பதும் கவனிக்க வேண்டியது. படிவத்தில் நிதிப் பொறுப்பாளரும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். பல அமைச்சகங்கள் பட்டயக் கணக்காளரின் சான்றையும் கேட்கின்றன. அவர் தரும் சான்றில் 18 இலக்க யுடிஐஎன் எண் இருக்கும், அதைக் கொண்டு சான்று உண்மையா என்று இணையத்தில் சரிபார்க்கலாம். ஆனால் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதால் செயலாளரின் பொறுப்பு குறையாது. 'மானியத்தின் நிபந்தனைகள் நிறைவேறின என்று நானே பார்த்துத் திருப்தி அடைந்தேன்' என்ற பொருளில்தான் படிவத்தின் வாசகம் அமைந்திருக்கிறது. கணக்குப் புத்தகங்களும் சொத்துப் பதிவேடும் சரியாக இருக்கின்றன, பயன் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்றெல்லாம் அவர் உறுதி சொல்கிறார். மானியம் வாங்கும்போது எழுதிக்கொடுக்கும் பத்திரங்கள் பலவற்றில், நிபந்தனை மீறினால் தொகையை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. நிர்வாகக் குழுவில் பெயருக்கு இருக்கும் உறுப்பினர்கள் அந்தப் பத்திரத்தை ஒரு தடவையாவது படித்திருக்க வேண்டும்.

பணக் கணக்கோடு வேலைக் கணக்கும் போக வேண்டும் என்று விதி 238 கேட்கிறது. வைத்த இலக்கு என்ன, எட்டியது என்ன, எட்டாவிட்டால் ஏன் என்று இணைப்பில் எழுத வேண்டும். நம் கணக்கில் 60 பெண்களுக்குப் பயிற்சி என்பது இலக்கு. அறுபது பேரும் சேர்ந்தார்கள், 52 பேர் முடித்தார்கள். இருவருக்குப் பிரசவம், மூவர் திருமணமாகி வேறு ஊர் போனார்கள், மூவர் நெல் அறுவடைக்குப் போய் மீண்டும் வரவில்லை. இதை அப்படியே எழுதலாம். அறுபது பேரும் முடித்தார்கள் என்று எழுதிவிட்டால், துணிக் கணக்கும் வருகைப் பதிவேடும் 52 பேருக்குத்தான் பேசும். பொதுச் செலவில் 10,200 ரூபாய் மீந்ததற்குக் காரணமும் அந்த எட்டுப் பேர் வராததுதான். பண மீதமும் வேலைக் குறைவும் ஒன்றையொன்று விளக்குகிற இப்படிப்பட்ட கணக்கைப் படிக்கும் அதிகாரிக்கு மேற்கொண்டு கேட்க ஒன்றுமிருக்காது.

அரசு மானியத்துக்குத்தான் இந்தப் படிவம். தனியார் அறக்கட்டளைகளும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் தத்தம் படிவங்களைக் கொடுப்பார்கள். மீதத்தையும் வட்டியையும் என்ன செய்வது என்பதை அவர்களோடு போட்ட ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். கூட்டல் கழித்தல் முறை மாறாது.

சலான் கட்டி, ரசீது வந்து, திருத்திய சான்றிதழும் போன பிறகு அந்த வங்கிக் கணக்கில் இருப்பு பூஜ்யமாகிவிடும். ஆனாலும் இருபது தையல் இயந்திரங்கள் சொத்துப் பதிவேட்டில் இருந்துகொண்டுதான் இருக்கும். வாங்கிய தேதி, விலை, இயந்திரத்தின் வரிசை எண், எந்த அறையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அரசு மானியத்தில் வாங்கிய சொத்தை அமைச்சகத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ வேறு வேலைக்குக் கொடுக்கவோ கூடாது. ஐந்தாறு ஆண்டு கழித்துப் பழசான இயந்திரத்தைக் கழித்துக் கட்ட நினைத்தாலும், முதலில் பதிவேட்டின் அந்த வரியைக் காட்டி டெல்லிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.